ஐந்து ஸ்டாருக்கு ஐம்பது ரூபாய்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் நாற்பத்தைந்து நிமிடம் உட்கார்ந்து கேட்டவர்கள்தானே நீங்கள், இதையும் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் தங்கை மகன் ஒரு செய்தி போட்டான். "எல்லாரும் என் ஆன்லைன் கடையில ஆளுக்கு ஒரு பாக்கெட் ஆர்டர் போட்டு அஞ்சு ஸ்டார் குடுங்க. பணத்தை அன்னைக்கே ஜிபேல திருப்பி அனுப்பிடுறேன்." பத்துப் பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள். நான் மட்டும் "என்னால் முடியாதுப்பா, நீயும் செய்யாதே" என்று எழுதினேன். அதிலிருந்து குழுவில் எனக்கு அர்ச்சனைதான். "சொந்தப் பிள்ளை முன்னுக்கு வர இந்த உதவிகூடச் செய்யக்கூடாதா மாமா?" என்று ஒருவர். "ரிட்டயர்டு ஆகியும் வாத்தியார் புத்தி போகல" என்று இன்னொருவர். போகாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவனுக்குச் சொல்வதற்கு முன்னால், என்னிடம் படித்த ஒரு மாணவனுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். அவன் அனுமதி கொடுத்த பிறகுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

அவன் அப்பா ஆடி கடைசி வெள்ளிக்கு நம் மாரியம்மன் கோயில் பக்கம் சேவுக் கடை போடுவார். உங்களில் பலர் அந்தக் கடையில் நின்றிருப்பீர்கள். கடைக்கு வருகிறவர் வாங்குகிறாரோ இல்லையோ, ஒரு பிடி காராச்சேவைக் காகிதத்தில் வைத்து, "ருசி பாத்துட்டு வாங்குங்கய்யா" என்று நீட்டுவார். ருசி பார்த்துவிட்டு "காரம் கூட" என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. அவர் முகம் சுளித்ததில்லை. அடுத்த ஈடு போடும்போது காரத்தைக் குறைத்துவிடுவார்.

மகன் அதே சேவை ஆன்லைனில் விற்கத் தொடங்கினான். நம் வட்டாரத்துப் பட்டாசுக்கு ஆன்லைனில் ஆர்டர் எடுக்கக்கூடாது என்று 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் ஆன்லைன் பக்கம் போகிற நம் பிள்ளைகள் சேவு, பால்கோவா, டைரி, நோட்டு என்றுதான் போகிறார்கள். ஒரு பெரிய இணையச் சந்தையில் கணக்குத் திறந்து, அரைக் கிலோ பாக்கெட் 260 ரூபாய் என்று விலை வைத்தான். சரக்கு, பாக்கெட், கூரியர், சந்தைக்காரர் கமிஷன் எல்லாம் போக ஒரு பாக்கெட்டுக்கு 40 ரூபாய் மிஞ்சியது.

முதல் இரண்டு மாதம் ரிவ்யூவே வரவில்லை. அப்போதுதான் ஆலோசகர் ஒருவர் வந்து சேர்ந்தார். "எல்லாரும் இதைத்தான் செய்றாங்க" என்று சொல்லி ஒரு யோசனை கொடுத்தார். சிவகாசியில் ஆயிரம் கார்டு அச்சடித்து ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒன்று போட்டான். அந்தக் கார்டு இப்போது என் மேசையில் கிடக்கிறது. அதில் இருப்பதை அப்படியே தருகிறேன்:

"எங்கள் சேவு பிடித்திருந்தால் ஐந்து ஸ்டார் கொடுத்து ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள். உங்கள் எண்ணுக்கு உடனே ரூ.50 வரும்! ஏதாவது குறை என்றால் ரிவ்யூ எழுத வேண்டாம். கீழே உள்ள எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்யுங்கள்."

பார்ப்பதற்கு எவ்வளவு பணிவாக இருக்கிறது! ஆனால் இந்த நாலு வரியில் மூன்று குற்றம் இருக்கிறது. சந்தைகளின் விதிகளை வாசித்திருந்தால் அச்சுக்குக் கொடுத்திருக்க மாட்டான். அமேசானின் விதிகள் எல்லாரும் படிக்கும்படி இருப்பதால் அவற்றை வைத்தே சொல்கிறேன்.

முதல் குற்றம், பணம். ரிவ்யூவுக்குக் கைமாறாக எதுவும் கொடுக்கக்கூடாது. ரொக்கம், கூப்பன், இலவசப் பொருள், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுப்பது எல்லாம் இதில் அடங்கும். "நல்லதோ கெட்டதோ, எதை வேண்டுமானாலும் எழுதுங்கள், எழுதினால் 50 ரூபாய்" என்று போட்டிருந்தாலும் தவறுதான். நல்ல ரிவ்யூவுக்குப் பணம் கொடுத்தால்தான் தவறு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ரிவ்யூவுக்குப் பணம் என்பதே தவறு.

இரண்டாவது, "ஐந்து ஸ்டார்" என்ற சொல். ரிவ்யூ கேட்கலாம். இத்தனை ஸ்டார் என்று கேட்கக்கூடாது. "நல்ல ரிவ்யூ", "திருப்தியாக இருந்தால் எழுதுங்கள்" என்பதும் அதே வகைதான்.

மூன்றாவதுதான் ரொம்பப் பேருக்குத் தவறென்றே தெரியாதது. பிடித்தவர்களைச் சந்தைப் பக்கத்துக்கும், பிடிக்காதவர்களைத் தன் வாட்ஸ்அப்புக்கும் பிரித்து அனுப்புவது. குறையைக் கேட்டுத் தீர்ப்பது நல்ல காரியம். ஆனால் குறையை ஊர் பார்க்காத இடத்துக்கும் பாராட்டை ஊர் பார்க்கும் இடத்துக்கும் வாய்க்கால் வெட்டுவது ஏமாற்று. விதியும் அதைத் தடுக்கிறது.

கார்டோடு நிற்கவில்லை அவன். கூரியர் சீட்டில் இருந்த எண்களைக் குறித்துவைத்துக்கொண்டு, வாங்கியவர்களுக்கு வாட்ஸ்அப்பில் மூன்று முறை ஞாபகப்படுத்தினான். "பாக்கெட் திறந்தா பாதி தூளா இருந்துச்சு" என்று இரண்டு ஸ்டார் கொடுத்த அம்மாவை ஃபோனில் கூப்பிட்டு, "பணத்தைத் திருப்பித் தர்றேன், ரிவ்யூவை எடுத்துருங்கம்மா" என்று கெஞ்சினான். கெஞ்சல் என்று அவன் நினைத்தான். முன்பின் தெரியாத ஆள் தன் எண்ணுக்குக் கூப்பிட்டதும் அந்த அம்மா பயந்துபோனார். விற்பவர் நினைப்பதில்லை, வாங்கியவர் எப்படி உணர்கிறார் என்பதுதான் அழுத்தம் எது என்பதைத் தீர்மானிக்கிறது.

இனி, மாட்டிக்கொண்டது எப்படி என்று பாருங்கள். யாரும் துப்பறிய வேண்டியிருக்கவில்லை. கோயம்புத்தூரில் வாங்கிய ஒருவர் அந்தக் கார்டைப் படம் எடுத்து ரிவ்யூவோடு போட்டுவிட்டார். ஒரு ஸ்டார். "மற்ற ஸ்டார்கள் எல்லாம் இந்த ஐம்பது ரூபாய்க்கு வந்தவை" என்று ஒரே வரி. ஆயிரம் கார்டு அச்சடித்தவன் தனக்கு எதிரான ஆயிரம் சாட்சியை அச்சடித்து, ஊர் ஊராகத் தன் செலவிலேயே அனுப்பியிருக்கிறான்.

முதலில் ஒரு எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் விளம்பரம் என்று விட்டுவிட்டான். பத்து நாள் கழித்து அந்தச் சேவின் ரிவ்யூக்கள் மொத்தமும் காணாமல் போயின. 90 ரிவ்யூ. அதில் 71 காசு கொடுத்து வந்தவை, 19 யாரும் கேட்காமல் மனதார எழுதியவை. அந்த 19-ம் போய்விட்டன. பிறகு பொருளின் பக்கமே மறைந்தது. கடைசியில் கணக்கு முடங்கியது. உள்ளே அவனுக்கு வரவேண்டிய 41,000 ரூபாய் நிற்கிறது.

கணக்கு வாத்தியாரிடம் படித்தவர்கள் கணக்கையும் பார்த்துவிடுங்கள். ஒரு பாக்கெட்டில் அவனுக்கு லாபம் 40. ரிவ்யூவுக்குக் கொடுத்தது 50. ஒவ்வொரு ஐந்து ஸ்டாரும் பத்து ரூபாய் நஷ்டத்தில் வாங்கியது. 71 பேருக்கு 3,550 ரூபாய். கார்டு அச்சுக்கூலியும் ஆலோசகர் கூலியும் தனி. இத்தனை கொடுத்து அவன் வாங்கியது பூட்டிய கடையை.

என்னிடம் வந்து, "சார், எல்லாரும் செய்றாங்க, நான் மட்டும்தான் மாட்டுனேன்" என்றான். பரீட்சையில் பிட்டோடு பிடிபட்டவர்கள் எல்லாரும் என்னிடம் சொன்ன அதே வாக்கியம். அதற்கு நான் அன்றைக்குச் சொன்ன பதிலையே இன்றைக்கும் சொன்னேன். மாட்டாதவன் சரியாகச் செய்தான் என்று அர்த்தமில்லை, அவன் முறை இன்னும் வரவில்லை.

பெரியவர்களை விட்டுவிடுகிறார்கள் என்பதும் உண்மையில்லை. 2021-இல் ஆக்கி, எம்பௌ, ராவ்பவர் போன்ற சீன பிராண்டுகளின் சார்ஜர்களும் ஹெட்ஃபோன்களும் அமேசானிலிருந்து அடுத்தடுத்து மறைந்தன. உலகமெல்லாம் விற்றுக்கொண்டிருந்த பெயர்கள் அவை. ராவ்பவர் பெட்டிக்குள்ளே ரிவ்யூவுக்கு 35 டாலர் பரிசு என்று ஒரு கார்டு இருந்ததை ஒரு பத்திரிகையாளர் வெளியே கொண்டுவந்தார். அதே கார்டுதான் ஐயா! அங்கே 35 டாலர், இங்கே 50 ரூபாய். அந்த ஆண்டு செப்டம்பரில், 600 சீன பிராண்டுகளை, சுமார் 3,000 கணக்குகளோடு மூடியதாக அமேசான் சொன்னது. அவர்களுக்கே அந்தக் கதி என்றால், இருக்கன்குடிச் சேவுக் கடை எம்மாத்திரம்?

சந்தைக்காரர் விதி மட்டும் இல்லை, நம் நாட்டுச் சட்டமும் இருக்கிறது. 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, விற்பவர் தன்னையே வாங்கியவர்போலக் காட்டிக்கொண்டு ரிவ்யூ எழுதக்கூடாது. 2022 நவம்பரில் இந்திய தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 19000 என்ற தரநிலையும் வந்தது. காசு கொடுத்து வாங்கிய ரிவ்யூக்களையும், அதற்கென்றே அமர்த்தப்பட்டவர்கள் எழுதிய ரிவ்யூக்களையும் வெளியிடக்கூடாது என்கிறது அது. வந்தபோது அது கட்டாயமாக இல்லை. ஆனாலும் அரசு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது தெரிகிறதல்லவா?

இனி, குடும்பக் குழுவில் என்னைத் திட்டியவர்களின் வாதத்துக்கு வருகிறேன்.

"ரிவ்யூவே இல்லாத புதுக் கடையில் யார் வாங்குவார்கள்? முதல் பத்து ரிவ்யூவை நாமே போட்டுவிட்டால் பிறகு தானாக ஓடும்" என்கிறார்கள். நியாயமான கவலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த முதல் பத்து எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். பணம் திரும்பிப் போன விஷயம் சந்தைக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்கள். அது தெரியவே வேண்டாம். ஒரே குடும்பப் பெயர், ஒரே வீட்டு முகவரி, ஒரே வைஃபை, ஒரே நாளில் பத்து ஆர்டர், அடுத்த வாரம் பத்து ஐந்து ஸ்டார். இது போதும். குடும்பத்தாரைக் கொண்டு ரிவ்யூ எழுதச் சொல்வதே விதிமீறல் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பணம் கொடுக்காவிட்டாலும் விதிமீறல்தான்.

"நன்றிக்கு ஏதோ கொடுக்கிறோம், கொசுறு மாதிரி" என்றார் என் மைத்துனர். மச்சான், கொசுறு எல்லாருக்கும் போடுவது. வாங்கியவர் வாயைப் பார்த்துப் போடுவதில்லை. அந்த மாணவனின் அப்பா நீட்டிய ஒரு பிடி சேவு "நல்லாருக்குன்னு சொன்னால்தான்" என்ற நிபந்தனையோடு வரவில்லை. விடைத்தாள் திருத்தும் முகாமில் ஒருமுறை ஒரு தாளுக்குள் ஐம்பது ரூபாய் நோட்டு இருந்தது. அந்தப் பிள்ளையும் நன்றிக்கு என்றுதான் நினைத்திருக்கும். அதற்கு நாங்கள் வைத்த பெயர் வேறு.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஆன்லைனில் வாங்குகிறவரால் ருசி பார்க்க முடியாது. முன்னால் வாங்கியவர் எழுதிய ரிவ்யூதான் அவருக்கு அந்த ஒரு பிடி சேவு. காசு கொடுத்து ஸ்டார் வாங்குகிறவன், வேறு கடைச் சேவை ருசி பார்க்கக் கொடுத்துவிட்டுத் தன் சேவைக் கட்டிக் கொடுக்கிறான். கோயில் வாசலில் இப்படிச் செய்பவனை நாம் என்ன சொல்வோம்?

வாங்குகிறவனுக்கு மட்டுமா நஷ்டம்? விற்கிறவனுக்கும்தான். அந்த 71 ஐந்து ஸ்டாருக்கு அடியில் புதைந்துபோனது அந்த அம்மா சொன்ன ஒரு வரி, "பாதி தூளா இருந்துச்சு". கூரியரில் மூட்டையோடு மூட்டையாக நசுங்கிச் சேவு தூளாகியிருக்கிறது. மெல்லிய பையை விட்டுவிட்டு, உள்ளே அட்டைப்பெட்டி வைத்து அனுப்பியிருந்தால் பிரச்சினை முடிந்தது. பெட்டிக்கு ஆறேழு ரூபாய் ஆகியிருக்கும். அந்த வரியை அழிக்கத்தான் இவன் ஃபோன் போட்டான். அப்பா இருந்திருந்தால் அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லியிருப்பார்.

சரி வாத்தியாரே, எப்படித்தான் கேட்பது என்கிறீர்களா? சொல்கிறேன். கஷ்டமே இல்லை.

அமேசானில் விற்பவர்களுக்கு, ஒவ்வொரு ஆர்டரின் விவரப் பக்கத்திலும் Request a Review என்று ஒரு பொத்தான் இருக்கிறது. பொருள் போய்ச் சேர்ந்த ஐந்தாம் நாளிலிருந்து முப்பதாம் நாள் வரை அதை அழுத்தலாம். ஒரு ஆர்டருக்கு ஒரே முறை. செய்தியை அவர்களே எழுதி, வாங்கியவர் தேர்ந்தெடுத்த மொழியில் அனுப்புகிறார்கள். நீங்கள் ஒரு எழுத்துகூடச் சேர்க்க முடியாது. அதுதான் அதன் பலம். தப்பாக எழுத வழியே இல்லை. காசும் கிடையாது. சேவு போன்ற பொருளுக்கு ஏழாம் எட்டாம் நாள் அழுத்துவது நல்லது என்பது என் எண்ணம். அதற்குள் பாக்கெட்டைப் பிரித்துச் சாப்பிட்டிருப்பார்கள். காறல் வாடை அடிக்கிறதா இல்லையா என்பதும் தெரிந்திருக்கும்.

அப்படிப் பொத்தான் இல்லாத இடத்தில், அந்தச் சந்தையின் செய்திப் பெட்டி வழியாக மட்டும், ஒரே ஒருமுறை, இப்படி எழுதுங்கள்:

"வணக்கம். எங்களிடம் சாத்தூர் காராச்சேவு வாங்கியதற்கு நன்றி. சாப்பிட்டுப் பார்த்த பிறகு உங்கள் கருத்தை, நிறையோ குறையோ, ரிவ்யூவாக எழுதினால் அடுத்து வாங்குபவர்களுக்கு உதவியாக இருக்கும்."

அவ்வளவுதான். ஸ்டார் என்ற சொல் இல்லை. பரிசு இல்லை. ஃபோன் எண்ணும் வெளி இணைப்பும் இல்லை. "ஏழைக் குடும்பம், உங்கள் ஐந்து ஸ்டார்தான் எங்கள் சோறு" என்ற அழுகையும் வேண்டாம். இரக்கத்தைக் காட்டி வாங்குவதும் ஒரு வகை வற்புறுத்தல்தான். பதில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாம் முறை கேட்டால் அது தொந்தரவு. பாக்கெட்டுக்குள் கார்டு போட ஆசையாக இருந்தால் இதே வாசகத்தைப் போடுங்கள். எல்லாப் பாக்கெட்டிலும் போடுங்கள். பிடித்தவர், பிடிக்காதவர் என்று பிரிக்காதீர்கள்.

கெட்ட ரிவ்யூ வந்தால்? முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பிறகு பொருளை மாற்றித் தருவதோ பணத்தைத் திருப்புவதோ, எதுவானாலும் அந்த ஆர்டர் வழியாகவே முறையாகச் செய்யுங்கள். ரிவ்யூவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள். மனம் மாறி அவராகவே திருத்தினால் திருத்தட்டும். "மாற்றுங்கள்" என்று நீங்கள் கேட்ட நொடியில், திருப்பிக் கொடுத்த பணம் லஞ்சமாகிவிடும்.

இப்படிச் செய்தால் ரிவ்யூ மெதுவாகத்தான் வரும். நூறு பேரிடம் கேட்டால் ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம் என்ற நிலைகூட வரும். அதைப் பொறுக்க முடியாதவர்கள்தான் கார்டு அடிக்கிறார்கள். ஆனால் மெதுவாக வந்த அந்த நாலைந்தும் உங்களுடையவை. யாரும் புகார் கொடுத்து அழிக்க முடியாது.

மாணவன் கதைக்கு வருகிறேன். கணக்கைத் திறக்கச் சொல்லி அவன் முதலில் அனுப்பிய முறையீட்டில், "நான் எந்தத் தவறும் செய்யவில்லை" என்று ஆலோசகர் எழுதிக் கொடுத்ததை அப்படியே போட்டான். கார்டின் படம் அவர்கள் கையில் இருக்கும்போது இப்படி எழுதினால் என்ன நடக்கும்? இரண்டே நாளில் நிராகரிப்பு வந்தது. பிறகு இருவரும் உட்கார்ந்து இரண்டாவதை எழுதினோம். என்ன செய்தேன், எந்த மாதத்திலிருந்து, எத்தனை பேருக்கு எவ்வளவு கொடுத்தேன், மீதிக் கார்டுகளை அழித்துவிட்டேன், ஆலோசகரை நிறுத்திவிட்டேன், இனி எப்படிக் கேட்பேன். ஒரு பக்கத்துக்குள் உண்மையை மட்டும் எழுதினோம். இன்னும் பதில் வரவில்லை. தீபாவளிச் சேவுக்கு மாவு சலிக்க வேண்டிய நேரத்தில் அவன் ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

ஒரு விஷயத்தை மறைத்துவிட்டு இந்தப் பதிவை முடித்தால் நான் வாத்தியார் இல்லை. முறையீட்டை எழுதும்போது அவன், "சார், உங்க ரிவ்யூவும் அதுல இருக்கு" என்றான். உண்மைதான். கடை தொடங்கியபோது ஆசையாக ஒரு பாக்கெட் ஆர்டர் போட்டு, அது வீட்டுக்கு வந்த நிமிடமே, பிரிக்காமலேயே, "அருமையான சுவை" என்று ஐந்து ஸ்டார் கொடுத்திருந்தேன். அவன் காசு கொடுக்கவில்லை. பாசம் கொடுக்க வைத்தது. திறந்து பார்க்காமலே மதிப்பெண் போட்ட தாள் அது. அதைப் பார்த்துத்தான் அவனுக்கும் "ரிவ்யூ என்றால் இவ்வளவுதான் போல" என்று தோன்றியதோ என்னவோ. அந்தப் பங்கு என்னுடையது.

அதனால், தங்கை மகனே, உன் குழுச் செய்தியை அழித்துவிடு. யாராவது ஆர்டர் போட்டிருந்தால் போட்டபடி இருக்கட்டும், பணத்தைத் திருப்பாதே, ரிவ்யூ எழுதச் சொல்லாதே. எனக்கு உன் பொருள் வேண்டும். வீட்டுக்கு நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். காரம் கூடவா குறைவா என்பதை உன் முகத்துக்கு நேரே சொல்கிறேன். நீ என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆன்லைனில் எதையாவது வாங்கி, பாக்கெட்டுக்குள் இப்படிப்பட்ட கார்டு கிடந்தால், ஐம்பது ரூபாய்க்கு ஆசைப்படாதீர்கள். உண்மையில் பொருள் எப்படி இருந்தது என்று மட்டும் எழுதுங்கள்.

இந்தப் பதிவுக்கு லைக் போடச் சொல்லிக் கேட்க மாட்டேன். ஏன் என்று இவ்வளவு தூரம் படித்தவர்களுக்குத் தெரியும். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள். அழிக்கச் சொல்ல மாட்டேன்.